ஒரே யூடியூப் கணக்கில் ஐந்து பேர்: பரிந்துரை ஏன் குழம்புகிறது, யாரை முதலில் பிரிக்க வேண்டும்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். ஹாலில் இருக்கும் டிவியிலும், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பயன்படுத்தும் போனிலும் அப்பாவின் ஒரே கூகுள் கணக்குதான். நான் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். டிவியில் யூடியூபைத் திறந்தால் அண்ணன் பையனின் கார்ட்டூன்தான் வரிசையாக நிற்கிறது. பாட்டிக்குப் பக்திப் பாட்டுக்கு நடுவில் அரசியல் விவாதம் வருகிறது. Not interested எத்தனை முறை கொடுத்தும் பயன் இல்லை. ஹிஸ்டரியை மொத்தமாக அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்:

அழித்தால் சில நாள் சரியானது போலத் தெரியும். பிறகு பழையபடியே ஆகிவிடும். அந்த ஹிஸ்டரியை உண்டாக்கிய ஐந்து பேரும் அதே கணக்கில்தானே தொடர்ந்து பார்க்கப் போகிறீர்கள். கணக்கைப் பிரிப்பதுதான் வழி. ஆனால் யாரை வெளியே எடுப்பது, யாரைப் பழைய கணக்கிலேயே விட்டுவைப்பது என்பதைச் சரியாக முடிவு செய்யாவிட்டால் பிரித்தும் பயன் இருக்காது. வீடியோ செயலிகளின் பரிந்துரைப் பகுதியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2016இல் கூகுளில் வேலை பார்த்த பால் கோவிங்டன், ஜே ஆடம்ஸ், எம்ரே சார்ஜின் என்ற மூவர், யூடியூப் பரிந்துரை எப்படி இயங்குகிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உள்ளே நிறைய மாறியிருக்கிறது. இருந்தாலும் உங்கள் வீட்டில் நடப்பதைப் புரிந்துகொள்ள அந்த அமைப்பு இன்றும் உதவும். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில், பல லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து இந்தக் கணக்குக்குப் பொருந்தக்கூடிய சில நூறு வீடியோக்கள் மட்டும் பொறுக்கி எடுக்கப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில் அந்தச் சில நூறுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அதில் மேலே வருவதுதான் உங்கள் முகப்பில் தெரிகிறது.

முதல் கட்டம் எப்படி என்றால், ஒவ்வொரு வீடியோவும் ஒரு எண் வரிசையாக மாற்றி வைக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரியான ஆட்கள் பார்க்கும் வீடியோக்களின் எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும். நீங்கள் சமீபத்தில் பார்த்த வீடியோக்களின் எண் வரிசைகளை எல்லாம் எடுத்து, அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு, அதை இந்தக் கணக்கின் ரசனைக்கு அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். கூட்டிப் பார்ப்பது, பெரிய எண்ணை மட்டும் எடுப்பது என்று வேறு முறைகளையும் சோதித்தபோது சராசரியே நன்றாக வேலை செய்தது என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஒரு ஆள் பார்க்கும் கணக்குக்கு அது சரியான வழிதான். ஐந்து பேர் பார்த்தால் அந்தச் சராசரி யாருடைய ரசனையாகவும் இருக்காது.

உங்கள் வீட்டின் ஒரு நாளை உதாரணமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டி காலையில் ஒரு மணி நேரத் தொகுப்பு ஒன்றை ஓட விடுகிறார்: அது ஒரு வீடியோ, 60 நிமிடம். அண்ணன் பையன் பள்ளி விட்டு வந்ததும் சின்னச் சின்ன கார்ட்டூன்களாக 18 வீடியோ, 80 நிமிடம். அம்மா போனில் சமையலும் சீரியல் துணுக்குகளுமாக 7 வீடியோ, 35 நிமிடம். அப்பா இரவில் இரண்டு விவாதம், 25 நிமிடம். நீங்கள் கடைசியில் ஒரு பாட வகுப்பு, 40 நிமிடம். மொத்தம் 29 வீடியோ, 240 நிமிடம்.

நேரத்தை வைத்துப் பார்த்தால் குழந்தையின் பங்கு மூன்றில் ஒன்று. உங்கள் பங்கு ஆறில் ஒன்று, அது மோசமில்லை. ஆனால் சராசரி எடுப்பது வீடியோக்களின் எண்ணிக்கையை வைத்து. அதில் குழந்தைக்கு 29இல் 18, அதாவது அறுபது சதவீதத்துக்கும் மேல். உங்களுக்கும் பாட்டிக்கும் 29இல் ஒன்று. நீங்கள் 40 நிமிடம் கவனமாகப் படித்ததும் பையன் ஒரு பொம்மை லாரியை நான்கு நிமிடம் பார்த்ததும் அங்கே ஒரே எடை. "நான்தான் தினமும் பார்க்கிறேனே, ஏன் எனக்கு வருவதில்லை" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. நீளமான வீடியோவை ஒன்றிரண்டு பார்ப்பவர்கள், குட்டி வீடியோக்களை வரிசையாகப் பார்ப்பவர்களிடம் எப்போதும் தோற்றுப்போவார்கள். அம்மா ஷார்ட்ஸ் தள்ளிப் பார்க்கும் பழக்கம் உள்ளவரென்றால் இந்த எண்ணிக்கை இன்னும் கோணலாகும்.

இரண்டாம் கட்டமும் குழந்தைக்கே சாதகம். யூடியூப் 2012இல் கிளிக்குகளை எண்ணுவதை விட்டு, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. வரிசைப்படுத்தும்போது, இந்த வீடியோவைக் காட்டினால் எத்தனை நிமிடம் பார்ப்பார்கள் என்று கணிக்கிறார்கள். பெரியவர்கள் பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள், தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அப்படிச் செய்யாது. தொடங்கினால் முடிவு வரை பார்க்கும், முடிந்ததும் தானாக ஓடுவதையும் பார்க்கும், நேற்றுப் பார்த்ததையே இன்றும் பார்க்கும். அந்த இயந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான சம்மதம் வேறு கிடையாது.

இன்னொரு விஷயம் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு வீடியோவைக் காட்டியும் நீங்கள் தொடாமல் விட்டால் அதுவும் ஒரு பதிலாகவே பதிவாகிறது, அடுத்த முறை அது கீழே இறங்குகிறது. தனி ஆளுக்கு இது நல்லது, பிடிக்காதது தானாக விலகும். உங்கள் வீட்டில் என்ன ஆகும்? மாலை நான்கு மணிக்கு டிவியைத் திறந்ததும் உங்கள் இந்திய அரசியலமைப்புப் பாடத்தின் அடுத்த பகுதி முகப்பில் வருகிறது. பையன் அதைத் தாண்டிப் போய் கார்ட்டூனைத் தொடுகிறான். இரவு நீங்கள் உட்காரும்போது அந்தப் பாடம் பின்னால் போயிருக்கும். காலையில் பாட்டி அப்பாவின் விவாதங்களைத் தாண்டுகிறார், இரவில் அப்பா பாட்டியின் பாடல்களைத் தாண்டுகிறார். ஒருவர் பார்ப்பது மட்டும் மற்றவரைப் பாதிக்கவில்லை, ஒருவர் பார்க்காமல் விடுவதும் மற்றவருடையதைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

சராசரியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பாட்டியின் பக்திப் பாடல்களுக்கும் பையனின் கார்ட்டூனுக்கும் நடுப்புள்ளியில் இருப்பது பிள்ளையார், முருகன் கதைகளைச் சொல்லும் பொம்மைப் படங்கள். அவை உங்கள் முகப்பில் நிறைய வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரும் தேடாதது, யாருக்கும் பெரிதாகப் பிடிக்காதது, ஆனால் அடிக்கடி வருவது என்று எதையாவது பார்த்தால் அது பெரும்பாலும் இப்படி இரண்டு பேருக்கு நடுவில் விழுந்ததாகத்தான் இருக்கும். ஒரு கணக்கைப் பலர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு இது நல்ல அறிகுறி.

இந்தக் குறையைத் தொழிலில் இருப்பவர்கள் உணராமல் இல்லை. ஒரே ஆளுக்குப் பல ரசனைக் கூட்டங்களைத் தனித்தனியாக வைக்கும் முறைகள் வந்துவிட்டன. அலிபாபா 2019இலும் பின்டரெஸ்ட் 2020இலும் அப்படிப்பட்ட அமைப்புகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டன. எந்தக் கருவி, நாளின் எந்த நேரம் என்பதையும் யூடியூப் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் காலை ஆறு மணிக்குப் பாட்டிக்கு ஓரளவு சரியாக வருகிறது. ஆனால் எத்தனை கூட்டங்களாகப் பிரித்தாலும் டிவி முகப்பில் முதல் பார்வைக்குத் தெரியும் இடங்கள் மிகக் குறைவு. அந்தச் சில இடங்களை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று கூட உறுதியில்லை. விடுமுறை நாளில் நேர ஒழுங்கும் போய்விடும்.

நெட்ஃபிளிக்ஸ் இதே இடத்தில் நின்றது. 2012இல் அவர்களுடைய பொறியாளர்கள் எழுதியபோது, ஒரு கணக்கின் முதல் பத்து பரிந்துரைகளில் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, பிள்ளைகளுக்கு என்று கலந்து வரும்படி வேண்டுமென்றே பல வகைகளைச் சேர்க்கிறோம் என்று விளக்கினார்கள். அடுத்த ஆண்டு, 2013இல், ஒரே கணக்குக்குள் ஐந்து சுயவிவரம் வரை வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள். யார் பார்க்கிறார்கள் என்று ஊகிப்பதைவிட நேரடியாகக் கேட்டுவிடுவது மேல் என்பதுதான் அதன் பொருள்.

இப்போது Not interested பற்றி. மொசில்லா 2022இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உதவியோடு இந்தப் பொத்தான்களைச் சோதித்தது. வேண்டாத பரிந்துரைகளில் Not interested தடுத்தது சுமார் 11 சதவீதம்தான். Don't recommend channel 43 சதவீதம். பார்த்ததை ஹிஸ்டரியிலிருந்து நீக்குவது 29 சதவீதம். இதெல்லாம் பொதுவாக எல்லாப் பயனர்களுக்கும். உங்கள் வீட்டில் இன்னும் குறையும். நீங்கள் இரவில் வேண்டாம் என்று சொன்ன சேனலை மறுநாள் மாலை பையன் தேடி முழுதாகப் பார்க்கிறான். புதிய சம்மதம் பழைய மறுப்பை அடித்துவிடுகிறது. Don't recommend channel வலுவானது என்பதால் அதில் வேறு ஆபத்து: பாட்டிக்குப் பிடித்த பாடல் சேனலை நீங்கள் அப்படி அடைத்துவிட்டால் அது ஏன் காணாமல் போனது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். இதுவரை நிறைய அழுத்தியிருக்கிறீர்கள் என்பதால், `myactivity.google.com` போய், Other activity என்ற பகுதியில் YouTube "Not interested" feedback என்று இருப்பதை ஒரு முறை நீக்கிவிடுங்கள். பழைய மறுப்புகள் எல்லாம் போய்விடும்.

அடுத்தது பிரிப்பது. அதற்கு முன் ஒரு வேலை: `myactivity.google.com/product/youtube` என்ற பக்கத்தில் கடந்த ஒரு வாரத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்த்த நேரம் இருக்கும். உங்கள் வீட்டில் எந்த மணிக்கு யார் உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால், யார் எத்தனை பார்க்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். நான் மேலே போட்ட கணக்கைப் போல உங்கள் உண்மையான கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் குழந்தையைவிட அப்பாவின் ஷார்ட்ஸ்தான் பெரிய பங்காக இருக்கும். அப்படியிருந்தால் முதலில் பிரிக்க வேண்டியவர் அவர்.

உங்கள் வீட்டில் குழந்தைதான் என்று வைத்துக்கொள்வோம். பையனை முதலில் வெளியே எடுங்கள். போனில் YouTube Kids செயலியைப் போட்டு, அவனுக்கென்று ஒரு சுயவிவரம் வையுங்கள். பெற்றோரின் கணக்கு தேவை என்பதால் அண்ணனோ அண்ணியோ அதை அமைத்துக் கொடுப்பது நல்லது. வயதுப் பிரிவு கேட்கும்: 4 வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று உண்டு. இவை எதுவும் வேண்டாம், நாங்கள் அனுமதித்தது மட்டும் தெரியட்டும் என்றும் வைக்கலாம். அதில் பார்ப்பது முதன்மை யூடியூபின் ஹிஸ்டரியில் சேராது. டிவியில், யூடியூபுக்குள் கணக்குகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் குழந்தையின் சுயவிவரத்தைச் சேர்க்கலாம். இது ஒன்றைச் செய்தாலே உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி போய்விடும். பையனுக்கும் இது தேவை. கலந்த கணக்கில் அப்பா இரவில் பார்க்கும் குற்றச் செய்திகளின் படங்கள் மறுநாள் மாலை அவன் கண்ணுக்கு முன்னால்தான் வந்து நிற்கின்றன. உங்களுக்குக் கார்ட்டூன் வருவது எரிச்சல் மட்டும்தான். அவனுக்கு ரத்தம் தெரியும் படம் வருவது அப்படி விட்டுவிடக்கூடியதல்ல.

அடுத்து நீங்கள். இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய கணக்கைச் சுத்தம் செய்து தாங்கள் எடுத்துக்கொண்டு, பாட்டிக்குப் புதுக் கணக்கு திறந்து கொடுக்கிறார்கள். பாட்டி ஒருபோதும் கணக்கு மாற்றப் போவதில்லை. ரிமோட்டை அழுத்தியதும் என்ன திறக்கிறதோ அதில்தான் அவர் பார்ப்பார். ஆகவே திறந்ததும் வரும் கணக்கு, மாற்றத் தெரியாதவர்களுக்கும் மாற்ற விரும்பாதவர்களுக்கும் உரியதாக இருக்கட்டும். அப்பாவின் பழைய கணக்கை அப்படியே ஹாலுக்கு விட்டுவிடுங்கள். பாட்டியும் அப்பாவும் அதில் இருக்கட்டும், அவர்கள் இருவரும் பார்க்கும் நேரம் வேறு வேறு என்பதால் ஓரளவு தானாகவே பிரியும். குறிப்பிட்ட தேவை உள்ள நீங்கள்தான் வெளியே போக வேண்டும், ஏனென்றால் தினமும் கணக்கு மாற்றும் அந்த இரண்டு அழுத்தலைச் செய்ய உங்களுக்குத்தான் காரணம் இருக்கிறது.

வெளியே போக இரண்டு வழி. உங்களுக்குச் சொந்த ஜிமெயில் இருந்தால், டிவியில் கணக்கைச் சேர்க்கும்போது காட்டும் எழுத்துக் குறியை உங்கள் போனில் `youtube.com/activate` பக்கத்தில் கொடுத்தால் போதும். தனி ஜிமெயில் வேண்டாமென்றால், அப்பாவின் கணக்குக்குள்ளேயே `youtube.com/channel_switcher` பக்கத்தில் புதிதாக ஒரு சேனல் உண்டாக்கலாம். சேனல் என்றதும் வீடியோ போட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், ஒன்றும் போடாமல் வைத்திருக்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் ஹிஸ்டரி, சந்தாக்கள், பரிந்துரை எல்லாம் தனி. டிவியில் கணக்குப் பட்டியலில் அதுவும் தனிப் பெயராக வரும். வீட்டில் யூடியூப் பிரீமியம் கட்டுகிறீர்கள் என்றால் மட்டும் கவனம்: கட்டிய கணக்குக்குத்தான் விளம்பரம் வராது. புதுச் சேனலுக்கு அந்தச் சலுகை வராது. அப்படியானால் குடும்பத் திட்டத்துக்கு மாறி, உங்கள் சொந்த ஜிமெயிலைச் சேர்ப்பதே சரி.

புதுக் கணக்கு முதல் நாளில் வெறுமையாக இருக்கும், அல்லது ஊரில் எல்லோரும் பார்ப்பதைக் காட்டும். அதைப் பார்த்து மனம் மாறிப் பழையதுக்குத் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் பின்தொடரும் பாட ஆசிரியர்களின் சேனல்களுக்குச் சந்தா கொடுங்கள், நான்கைந்து பாடங்களை அந்தக் கணக்கிலிருந்து தேடித் திறந்து முழுதாகப் பாருங்கள். எண்ணிக்கையைக் கலைக்க வேறு ஆள் இல்லாததால் அது சீக்கிரமே உங்களைப் பிடித்துக்கொள்ளும். பாடத்துக்கு நடுவே சினிமாப் பாட்டு கேட்கும் பழக்கம் இருந்தால் அதை ஹால் கணக்கிலேயே கேட்பது நல்லது. தேர்வுக் கணக்கில் நீங்களே இரண்டாவது ஆளாக ஆகிவிட வேண்டாம்.

பழைய கணக்கில் மிச்சமிருக்கும் கார்ட்டூன்களை என்ன செய்வது? முழு ஹிஸ்டரியையும் அழித்தால் பாட்டி இத்தனை நாள் கேட்டதெல்லாம் போய்விடும். அந்த நடவடிக்கைப் பக்கத்திலேயே தேடும் இடம் இருக்கிறது. பையன் பார்க்கும் இரண்டு மூன்று சேனல்களின் பெயரைப் போட்டுத் தேடி, வரும் முடிவுகளை மட்டும் நீக்குங்கள். பையன் பார்த்தது பெரும்பாலும் சில சேனல்களுக்குள்ளேயே இருக்கும் என்பதால் இது பத்து நிமிட வேலை. ஆனால் பையன் வெளியே போன பிறகு இதைச் செய்யுங்கள், முன்னால் செய்தால் வீண்.

போனுக்கு வருகிறேன். அம்மாவும் அப்பாவும் ஒரே போன் என்கிறீர்கள். அம்மாவுக்கு இங்கே பரிந்துரை சரியாக வருவதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அவர் தைராய்டு பற்றியோ, மாதவிடாய் நிற்கும் வயதின் தொந்தரவு பற்றியோ ஒரு டாக்டரின் பேச்சை மதியம் பார்த்தால், அது போன்றவை இரவில் ஹால் டிவியில் எல்லோர் முன்னாலும் வந்து நிற்கும். போனும் டிவியும் ஒரே கணக்கு. நீங்கள் வேலை மாறுவது பற்றிப் பார்த்தாலும், மன அழுத்தம் பற்றிப் பார்த்தாலும் அதேதான். யாரும் உளவு பார்க்க வேண்டியதில்லை, முகப்பே சொல்லிவிடும். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் போனைப் பகிர்ந்துகொள்ளும் பெண்களிடம் பேசி 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விவரமாக இருக்கிறது: செயலிகளுக்குப் பூட்டுப் போடுகிறார்கள், குறிப்பிட்ட சில தேடல்களை மட்டும் நீக்குகிறார்கள், சிலர் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வருத்தமானது. உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர், பேரன் முன்னால் அந்தப் படம் வந்துவிடுமோ என்று தேடாமல் இருக்கிறார்.

அம்மாவுக்கும் ஒரு தனிச் சேனலோ ஜிமெயிலோ வைத்து, போனில் யூடியூபுக்குள் Switch account வழியாக மாறக் கற்றுக்கொடுங்கள். அவருடைய கணக்கை டிவியில் சேர்க்கவே வேண்டாம். தனிச் சேனல் என்றால் அது அப்பாவின் கணக்குக்குள்தான் இருக்கும் என்பதால், முழுத் தனிமை வேண்டுமென்றால் அவர் பெயரில் ஜிமெயில்தான் நல்லது. மாற்றுவது சிரமம் என்றால், அந்த மாதிரி வீடியோக்களுக்கு மட்டும் Turn on Incognito கொடுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம். அதில் பார்த்தது ஹிஸ்டரியில் சேராது. இதை நீங்கள் சொல்லிக் கொடுப்பதற்கும் வேறு யாராவது சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எதற்கு என்று கேட்காமல் சொல்லிக் கொடுங்கள்.

பிரித்த பிறகும் கெடக்கூடிய இடங்கள் சில. டிவியில் தனியாக ஸ்டிக்கோ பெட்டியோ செருகியிருந்தால், டிவி ரிமோட்டில் அணைக்கும்போது திரை மட்டும் அணைந்து, பின்னால் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கலாம். யாரும் பார்க்காத வீடியோக்கள் ஹிஸ்டரியில் அடுத்தடுத்து ஏறும். இரவு பதினொன்று முதல் ஒன்று வரை வரிசையாக ஒரே மாதிரி வீடியோக்கள் பதிவாகியிருந்தால் காரணம் இதுதான். யூடியூப் அமைப்புகளில் Autoplay அணைத்து வையுங்கள், வெளியே வரும்போது முகப்புக்கு வந்த பிறகு டிவியை அணைக்கும்படி வீட்டில் சொல்லுங்கள். இன்னொன்று, நீங்கள் படித்துவிட்டு உங்கள் கணக்கிலேயே டிவியை விட்டுவிட்டு எழுந்தால், காலையில் பாட்டி உங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் கேட்டிருப்பார். எழும்போது ஹால் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

சரியாகிவிட்டதா என்று முகப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஒரு நாள் நன்றாக இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஒரு வாரம் கழித்து ஹால் கணக்கின் ஹிஸ்டரியில் மாலை நான்கு முதல் ஆறு வரை பாருங்கள். அங்கே கார்ட்டூன் இருந்தால் பையனுக்கு யாரோ சுயவிவரம் மாற்றாமல் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பாடு ஊட்டும்போது அப்பாவின் போனை அப்படியே கையில் கொடுப்பதாகவும் இருக்கலாம். உங்கள் கணக்கில் காலை ஆறு மணிப் பதிவு இருந்தால் நீங்கள் மாற்றாமல் எழுந்திருக்கிறீர்கள். ஹிஸ்டரி சுத்தமாக இருந்தால் முகப்பு பின்னாலேயே வரும்.

வீட்டில் வேறு படச் செயலிகள் இருந்தால் அங்கே வேலை சுலபம். நெட்ஃபிளிக்ஸில் ஐந்து, பிரைம் வீடியோவில் ஆறு சுயவிவரம் வைக்கலாம். நெட்ஃபிளிக்ஸில் ஏற்கெனவே கலந்துவிட்டதை, இணையதளத்தில் அந்தச் சுயவிவரத்தின் Viewing activity பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாக மறைக்கலாம். எல்லாக் கருவிகளிலும் அது போய்ச்சேர ஒரு நாள் ஆகலாம்.

விளம்பரங்கள் மட்டும் இதில் அடங்காது. கணக்குகளைப் பிரித்த பிறகும், அண்ணி தேடிய தொட்டிலின் விளம்பரம் உங்கள் பாடத்துக்கு முன்னால் வரலாம். விளம்பரங்களுக்கு ஒரே வீட்டு இணைய இணைப்பு போன்ற வேறு அடையாளங்களும் பயன்படுகின்றன, ஹிஸ்டரியை நீக்குவது அவற்றைத் தொடாது. கூகுள் கணக்கில் My Ad Center என்ற பகுதியில் தனிப்பயன் விளம்பரங்களை ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக அணைக்க வேண்டும். அம்மாவின் கணக்கை அமைக்கும்போதே அதையும் அணைத்துவிடுங்கள்.